மொட்டை மாடிக் கசிவு: மயிரிழை விரிசலைக் கண்டறிந்து அடைக்கும் முறை

கிள்ளானில் உள்ள வரிசை வீடு ஒன்றில் பின்புறச் சமையலறை பிற்காலத்தில் நீட்டிக்கட்டப்பட்டது. அதன் கூரை 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட சமதளக் கான்கிரீட் தளமாகும். கனமழை பெய்த மறுநாள் காலையில் அடுப்பிற்கு மேலே ஈரக்கறை தோன்றும். வீட்டுக்காரர் அக்கறைக்கு நேர்மேலே உள்ள இடத்தில் மட்டும் இருமுறை நீர்க்காப்புப் பூச்சு பூசினார். முதற்பூச்சு கொப்புளித்து உரிந்தது. இரண்டாவது பூச்சு ஒட்டியே இருந்தும் கசிவு நிற்கவில்லை.

கறை தெரியும் இடமும் நீர் புகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. விரிசல் வழியாக இறங்கும் நீர், கான்கிரீட்டில் புதைந்த மின்கம்பிக் குழாயை ஒட்டியோ, தளத்தின் அடிப்பரப்பில் சரிவான பக்கமாகவோ நகர்ந்து, வேறோரிடத்தில் சொட்டும். ஆகையால் முதலில் விரிசலைத் தேட வேண்டும். பூச்சு அதற்குப் பின்னரே.

அதற்கு ஏற்ற நேரம் மழை நின்று தளம் காயத் தொடங்கும் வேளையாகும். பாசியையும் மண்ணையும் முன்கூட்டியே தேய்த்துக் கழுவியிருந்தால், சுற்றிலும் உள்ள பரப்பு வெளிறும்போது விரிசல் மட்டும் கருங்கோடாகச் சில நிமிடங்கள் ஈரமாக நிற்கும். அக்கோட்டை உடனே சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ள வேண்டும். மேற்கூறிய வீட்டில் தளத்தின் நடுவே ஒரு கோடும், பழைய வீட்டுச் சுவரும் புதிய தளமும் சந்திக்கும் மூலை நெடுகிலும் மற்றொரு கோடும் தெரிந்தன. நீட்டிக்கட்டிய பகுதிகளில் இந்த மூலையே பெரும்பாலும் முதலில் பிளக்கும். பழைய கட்டடமும் புதியதும் ஒரே அளவில் அமிழ்வதில்லை.

எந்த விரிசல் கசிகிறது என்பதை உறுதிசெய்ய நீர் தேக்கிப் பார்க்க வேண்டும். நீர் இறங்கும் குழாயை அடைத்து, களிமண்ணால் சிறு வரம்பு கட்டி, ஒரு பகுதியில் மட்டும் 3 சென்டிமீட்டர் நீர் நிறுத்தி ஒரு நாள் காத்திருக்க வேண்டும். 5 சென்டிமீட்டர் நீர் ஒரு சதுர மீட்டரில் 50 கிலோ எடையாகும் என்பதால் அதற்கு மேல் தேக்குதல் கூடாது. அவ்வீட்டில் நடுப்பகுதி காட்டிக்கொடுக்கவில்லை. மூலைப்பகுதியில் நீர் நின்ற சில மணி நேரத்தில் கறை நனைந்தது. சோதனை முடிந்ததும் நீரை வடித்துவிட வேண்டும். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடுவது வீட்டுக்காரரைச் சட்டச் சிக்கலிலும் மாட்டிவிடும்.

வங்கி அட்டையின் விளிம்பு விரிசலுக்குள் நுழையுமானால் அது மயிரிழை விரிசல் அன்று. அத்தகைய விரிசலையும், துருக்கறை கசியும் விரிசலையும், முனைகளில் பென்சிலால் நாள் குறித்து வைத்த பின்னரும் நீண்டுகொண்டே போகும் விரிசலையும் பூச்சால் மூடாமல் கட்டமைப்புப் பொறியியலாளரிடம் காட்ட வேண்டும். மேம்பாட்டாளர் கட்டிக்கொடுத்த புதிய வீட்டின் மூலக்கூரை கசியுமானால், வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதங்கள் வரை அதைச் சரிசெய்வது மேம்பாட்டாளரின் பொறுப்பாகும். அக்காலத்திற்குள் தாமே பூச்சு பூசுவதைவிட, எழுத்துமூலம் புகார் அளிப்பதே உரிமையாளருக்குப் பாதுகாப்பு.

அடைக்கும் பணி தளம் நன்கு உலர்ந்த பின்னரே தொடங்கும். அரை மீட்டர் சதுர நெகிழித்தாளின் நான்கு ஓரங்களையும் தளத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டி ஒரு நாள் விட்டுவிட வேண்டும். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் கான்கிரீட்டில் ஈரம் இன்னும் உள்ளது. வீட்டுக்காரரின் முதற்பூச்சு கொப்புளித்ததற்குக் காரணம் இந்த ஈரமே: வெயிலில் ஆவியாகி மேலே எழுந்த அது பூச்சைத் தூக்கிவிட்டது.

இம்முறை அவர் நடுக்கோட்டை உளியால் 6 மில்லிமீட்டர் அகலமும் ஆழமும் உள்ள 'வி' வடிவப் பள்ளமாகத் திறந்து, தூசியை முழுவதும் நீக்கி, பாலியூரித்தேன் சீலண்டால் நிரப்பினார். ஆழமாகத் தோண்டினால் உள்ளிருக்கும் இரும்புக்கம்பி வெளிப்படும். மூலையில் சீலண்ட் இட்ட பிறகு, நெகிழ்வுக் கலவை சேர்த்த சிமெண்டுச் சாந்தால் சிறு சரிவு அமைத்து, கூர்மூலையை வளைவாக்கினார். அது காய்ந்ததும் அடிப்பூச்சு, அதன்மேல் பாலியூரித்தேன் நீர்க்காப்புப் பூச்சு. முதற்கை ஈரமாக இருக்கும்போதே விரிசல்கள் மீதும் மூலை மீதும் கண்ணாடியிழை வலையை அழுத்திப் பதித்தார். மறுநாள் இரண்டாம் கையை முதற்கைக்குக் குறுக்காகப் பூசினார். பூச்சு சுவரில் 15 சென்டிமீட்டர் உயரம் வரை ஏறியது. சதுர மீட்டருக்கு இரு கைகளுக்குமாக 1.5 கிலோ என்று வாளியில் குறிக்கப்பட்டிருந்ததால், 20 சதுர மீட்டர் தளத்திற்கு 30 கிலோவும், சுவரேறும் பகுதிக்குச் சற்றுக் கூடுதலும் செலவாயின. மெல்லியதாக இழுத்துப் பூசி மிச்சம் பிடிப்பவர்களே அடுத்த மழையில் மீண்டும் கூரை ஏறுகின்றனர்.

மலிவான அக்ரிலிக் பூச்சுகள் பல, நீர் நாள்கணக்கில் தேங்கும் இடத்தில் மென்மையாகிவிடும். சரிவு குறைந்த தளத்திற்கு அவை பொருந்தா. பிற்பகல் இடிமழை பெய்யும் மாதங்களில் எந்தப் பூச்சையும் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

ஏழு நாள் கழித்து அதே மூலையில் மீண்டும் 3 சென்டிமீட்டர் நீர் ஒரு நாள் நிறுத்தப்பட்டது. சமையலறைக் கூரையின் அடிப்பகுதி உலர்ந்தே இருந்தது. பழைய கறை காய்ந்து நிறம் மாறாமல் நின்ற பிறகே அவர் அதன்மேல் வெள்ளைச் சாயம் பூசினார்.