பற்பொடியா, பற்பசையா?

சிராங்கூன் சாலைக் கடைகளில் சிவப்புப் பற்பொடி டப்பாவைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிவப்பு பெரும்பாலும் காவிக்கல் தூளிலிருந்து வருவது. காவிக்கு நிறம் தரும் இரும்பு ஆக்சைடு கனிமமான ஹெமடைட்டின் கடினம் மோஸ் அளவில் 5.5 வரை, சில வேளை அதற்கு மேலும் போகும். பல் எனாமலின் கடினமோ 5தான். பல பற்பசைகளில் சேரும் கால்சியம் கார்பனேட் சுமார் 3. ஆகவே எனாமலை அவ்வளவாகக் கீறாது.

ஈறு இறங்கிய தாத்தா பாட்டிக்குத்தான் உண்மையான சிக்கல். வெளியே தெரியும் வேர்ப் பகுதியில் எனாமல் இல்லை. டென்டைனின் கடினமும் சுமார் 3தான். சொரசொரப்பான பொடியை அழுத்தித் தேய்த்தால் ஈறோரம் பள்ளம் விழும். குளிர்ந்த நீர் பட்டதும் கூசுவது அதன் அறிகுறி. அவர்களுக்கு மென்மையான பற்பசையே நல்லது. பல்லை வெண்மையாக்கும் வகை வேண்டாம்.

உங்கள் வயதில் சொத்தைதான் கவலை. டப்பாவைத் திருப்பி, ஃப்ளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள். பல பற்பொடிகளில் அது இருக்காது.