காய்ச்சாத பாலும் கன்று வீச்சு நோயும்

பசுவின் மடியிலிருந்து கறந்த சூட்டோடு நுரை பொங்கும் பாலை அப்படியே அருந்துதல் தேகத்திற்குப் புஷ்டி தருமென்னும் எண்ணம் கிராமங்களில் நெடுநாளாக நிலவி வருகிறது. சொந்த மாடு, சுத்தமான பாத்திரம், கண் முன்னே கறந்த பால் என்னும் மூன்றும் இருக்கையில் காய்ச்சுவானேன் என்று குடியானவர்கள் வினவுவதுண்டு. பாலில் நோய்க்கிருமிகள் எவ்வழியாகச் சேர்கின்றன என்பதை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

அவ்வழிகள் இரண்டு. சாணம் படிந்த மடி, கறப்பவர் கை, கழுவிய தண்ணீர், ஈக்கள் ஆகியவற்றால் வெளியிலிருந்து சேரும் கிருமிகள் ஒரு வகை. வயிற்றுப்போக்கு, வாந்தி, குடற்காய்ச்சல் முதலியவற்றைத் தருபவை பெரும்பாலும் இவையே. மடியையும் கையையும் நன்கு கழுவிக் கறந்தால் இவற்றை வெகுவாகக் குறைக்கலாம். மற்றொரு வகைக் கிருமி மாட்டின் மடிக்குள்ளேயே குடியிருந்து பாலோடு கலந்து வெளிவருவது. கன்று வீச்சு நோயை உண்டாக்கும் புரூசெல்லா என்னும் கிருமி அவ்வகையைச் சார்ந்தது. பாத்திரத்தை எத்தனை முறை துலக்கினாலும் இதனைத் தடுக்க இயலாது. இதனை அழிக்க வீட்டிலுள்ளோருக்கு இருக்கும் உபாயம் நெருப்பு ஒன்றே.

இவ்வுண்மை மத்தியதரைக் கடலிலுள்ள மால்டாத் தீவில் வெளியாயிற்று. அங்கிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆண்டுதோறும் விட்டுவிட்டு வரும் ஒரு நீண்ட ஜுரத்தால் பீடிக்கப்பட்டனர். 1887-ஆம் ஆண்டில் டேவிட் புரூஸ் என்னும் இராணுவ வைத்தியர் அதன் கிருமியைக் கண்டறிந்தார். ஆயினும் அது எவ்வழியாக வருகிறது என்பது மேலும் பதினெட்டு ஆண்டுகள் புலப்படவில்லை. 1905-இல் தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மிட் என்னும் அத்தீவின் வைத்தியர், பார்வைக்கு யாதொரு பிணியுமில்லாத ஆடுகளின் இரத்தத்தில் அக்கிருமியைக் கண்டார். பின்னர் பாலிலும் அது காணப்பட்டது. 1906-இல் சிப்பாய்களின் உணவிலிருந்து ஆட்டுப்பால் நீக்கப்பட்டவுடன் அவர்களிடையே ஜுரம் விரைவில் அடங்கிற்று. பழையபடி பச்சைப் பாலை அருந்திவந்த ஊராரிடமோ அது நீடித்தது. ஆடுகள் கொழுத்திருந்தன, பால் வெண்மையாகவும் சுவையாகவும் இருந்தது. நிறத்தையோ மணத்தையோ கொண்டு இக்கிருமியை எவராலும் அறிய முடியாது.

மனிதருக்கு இந்நோய் கண்டால், மாலையில் ஏறிக் காலையில் இறங்கும் ஜுரம், இரவில் மிகுந்த வியர்வை, இடுப்பிலும் மூட்டுகளிலும் வலி, ஓயாத சோர்வு ஆகியவை தோன்றும். பால் அருந்திய இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குப் பின்னரே பெரும்பாலும் இவை தலைகாட்டும். சில சமயம் மாதங்களும் ஆகும். ஆதலால் பாலின் மீது எவரும் சந்தேகம் கொள்வதில்லை. மலேரியா என்றும், வாதம் என்றும் கருதிக் காலங்கடத்துவோர் பலர். இரத்தப் பரிசோதனையால் நோயை உறுதி செய்து, இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஏறக்குறைய ஆறு வாரம் உட்கொள்ள வேண்டும். ஜுரம் நின்றதென்று இடையில் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பவும் வரும். மாடு வைத்திருப்போர் அச்செய்தியை வைத்தியரிடம் தாமாகவே சொல்லுதல் நலம்.

இனிக் காய்ச்சும் முறை. நான்கு லிட்டர் பால் காய்ச்சும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பாத்திரம் ஆறு லிட்டருக்குக் குறையாமல் கொள்ள வேண்டும். நிரம்ப ஊற்றிய பால் சற்றே பொங்கியதும் வழிந்துவிடுமென்று அஞ்சி இறக்கிவிடுவார்கள். குறை பெரும்பாலும் இங்கேதான் நேருகிறது. பால் சூடேறும்போது மேலே ஆடை படிகிறது. அடியிலிருந்து எழும் ஆவி அதனுள் அகப்பட்டுப் பாலைத் தூக்குகிறது. விறகடுப்பில் தீ ஓங்கி எரியும்போது அடிப்பால் கொதித்துப் பொங்கினாலும், ஓரத்துப் பாலும் மேல் நுரையும் அதே சூட்டை அடைந்திருக்கவேண்டுமென்பதில்லை. ஆதலால் தொடக்கம் முதல் அகப்பையால் அடிவரை கிளறிக்கொண்டே மிதமான தீயில் காய்ச்ச வேண்டும். பொங்கி எழுந்ததும் தீயைத் தணித்து, நுரை அடங்கிய பின் பால் முழுவதும் குமிழியிட்டுக் கொதிப்பதைக் கண்ணாற் கண்டு, மேலும் இரண்டு மூன்று நிமிஷம் கிளறி இறக்குதல் போதுமானது. பால் பண்ணைகளில் 72 பாகைச் சூட்டில் 15 விநாடி வைத்தே இக்கிருமியை அழிக்கிறார்கள். ஆகவே அரைமணி நேரம் சுண்டக் காய்ச்ச வேண்டுவதில்லை. காய்ச்சுவதால் சில உயிர்ச்சத்துக்கள் ஓரளவு குறையுமேயன்றிச் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் போய்விடுவதில்லை.

நன்றாகக் காய்ச்சிய வீட்டிலும் நோய் நுழைவதற்கு வேறொரு வாயில் உண்டு. மாலையில் கறந்த பச்சைப் பாலைக் காலையில் காய்ச்சிய பாலின் மிச்சத்தோடு சேர்த்து வைத்தல், பச்சைப் பாலை வடிகட்டிய துணியாலேயே காய்ச்சிய பாலை வடிகட்டுதல், பச்சைப் பாலை மொண்ட கரண்டியைக் கழுவாமல் இதிலும் இடுதல், இறக்கிய பின் பச்சைத் தண்ணீர் விளாவுதல் ஆகியவை காய்ச்சிய பயனை வீணாக்கும். தண்ணீர் சேர்ப்பதானால் அடுப்பிலிருக்கும்போதே சேர்த்துக் கொதிக்க வைக்க வேண்டும். இறக்கிய பாலை மூடி, குளிர்ந்த நீருள்ள தாம்பாளத்தில் வைத்து விரைவில் ஆற்றுதல் வேண்டும். வெயிற்காலத்தில் குளிர்ப்பெட்டி இல்லாத வீடுகளில் நான்கு மணி நேரத்திற்கு மேல் வைப்பதானால் மறுபடியும் கொதிக்க வைப்பது அவசியம்.

புளிப்பு கிருமியைக் கொன்றுவிடும் என நம்பிப் பச்சைப் பாலில் உறை ஊற்றுவோரும் உளர். அந்நம்பிக்கை தகாது, பச்சைப் பாலின் தயிரிலும் வெண்ணெயிலும் இக்கிருமி பல நாள் உயிரோடிருக்கக்கூடும். காய்ச்சி ஆற்றிய பாலிலேயே உறை ஊற்ற வேண்டும். சீம்பாலும் நடுப்பகுதிவரை வெந்து கட்டியான பிறகே உண்ணத் தக்கது. நெருப்புக்கும் ஓர் எல்லை உண்டு. மடி வீங்கிய மாட்டின் பாலிலோ, வெகுநேரம் வெப்பத்தில் கிடந்த பாலிலோ ஏற்கெனவே உண்டாகிவிட்ட சில நஞ்சுகள் கொதிப்பதால் அழிவதில்லை. அத்தகைய பாலைக் காய்ச்சி மீட்க எண்ணாமல் கொட்டிவிடுதலே தகும்.

தொழுவத்தில் சினைப்பசு ஐந்து மாதத்திற்கு மேல், குறிப்பாக ஏழாம் எட்டாம் மாதத்தில் கன்று வீசி, நஞ்சுக்கொடி விழாமல் தங்குமாயின் இந்நோயைச் சந்தேகிக்கலாம். அடுத்த ஈற்றில் அப்பசு கன்றை முழுமாதத்தில் ஈன்றாலும், பாலில் கிருமியை ஆண்டுக்கணக்கில் வெளிப்படுத்தி வரக்கூடும்; ஒருமுறை வீசியதோடு நோய் தீர்ந்ததென்று எண்ணலாகாது. வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொட்டால் தோலிலுள்ள சிறு கீறல் வழியாகவும் நோய் பற்றும். கையுறையோடு எடுத்து, நாய்கள் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பிட்டுப் புதைத்து, பசுவை மந்தையினின்று பிரித்துக் கட்ட வேண்டும். கால்நடை மருத்துவர் இரத்தத்தையும் பாலையும் பரிசோதித்துக் கூறும்வரை அதன் பாலைப் பிறருக்கு விற்றல் கூடாது.

இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் புரூசெல்லா நோயும் அடங்கியுள்ளது. அதன்படி, சந்தேகம் தோன்றியதும் மாட்டின் உடையவர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துப் பொறுப்பாளருக்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அவர்கள் அச்செய்தியை அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எழுத்து மூலம் அனுப்பலாம். கன்று வீசிய தேதியையும், பசுவின் சினை மாதத்தையும், அது எங்கிருந்து வாங்கப்பட்டதென்பதையும் அதில் குறித்தால் மருத்துவரின் வேலை எளிதாகும். நான்கு மாதம் முதல் எட்டு மாதம் வரையுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஒருமுறை தடுப்பூசி போடப்படுகிறது. காளைக் கன்றுகளுக்கு இவ்வூசி போடுவதில்லை; நோய் கண்ட பசுவை இது குணப்படுத்துவதுமில்லை.