கருப்பட்டி விற்பனைக்கு ஐந்து குறிச்சொற்கள்

வீட்டில் காய்ச்சிய கருப்பட்டியைக் கைப்பேசியில் படம் பிடித்து, இன்ஸ்டாகிராம் வாயிலாக விற்க நமது வட்டாரப் பெண்கள் பலர் முற்பட்டுள்ளனர். படம் நன்றாயிருந்தும் விலை கேட்போர் இல்லையென்றால், குறை பெரும்பாலும் படத்தின்கீழ் எழுதும் வாசகத்திலேயே இருக்கும். அதனை அமைக்கும் முறையை ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

படத்தின்கீழ் முதல் ஓரிரு வரிகளே வெளியே தெரியும், எஞ்சியவை மறைந்திருக்கும். ஆகவே பொருள், அளவு, விலை ஆகிய மூன்றும் முதல் வரியிலேயே இருத்தல் வேண்டும். உடன்குடியில் ஒரு குடும்பம் விற்பதாகக் கொள்வோம்:

"உடன்குடிக் கருப்பட்டி, ஒரு கிலோ ரூ. 400. பங்குனிப் பதநீரில் எங்கள் வீட்டில் காய்ச்சியது; சீனி சேர்க்கவில்லை. கூரியர் கூலி தனி. வேண்டுவோர் இந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு எழுதுக."

இதன்பின் கைப்பேசி எண்ணையும், உணவுப் பாதுகாப்புத் துறை அளித்த 14 இலக்கப் பதிவு எண்ணையும் எழுதுக. இணைய முகவரியை இங்கு எழுதுவதில் பயனில்லை. தொட்டால் அது திறவாது. "நீரிழிவைப் போக்கும்" என்று எழுதவே கூடாது. கருப்பட்டியும் சர்க்கரைப் பொருளே.

அடுத்து குறிச்சொற்கள். ஐந்து போதும்:

```
#கருப்பட்டி #karupatti #palmjaggery
#udangudi #thoothukudi
```

முதல் மூன்றும் பொருளைத் தேடுவோர்க்கு. பின் இரண்டும் ஊரைத் தேடுவோர்க்கு. தமிழறிந்தவரும் ஆங்கில எழுத்தில் தேடுவதுண்டு; ஆதலின் இருவகையும் வேண்டும். ஒரே சொல்லைப் பலவாறு எழுதுவர். ஒவ்வொரு வடிவத்தையும் தேடற்பெட்டியில் இட்டு, எதன்கீழ் கருப்பட்டிப் படங்களே வருகின்றனவோ அதனைக் கொள்க. சொல்லின் நடுவே இடைவெளி விட்டால் குறி அங்கேயே அறுந்துவிடும்: # palm jaggery என்பது குறிச்சொல் ஆகாது. #viral போன்ற பொதுச்சொற்களின்கீழ் ஆடலும் பாடலுமே குவிந்திருக்கும். கருப்பட்டி வாங்குவோர் அங்கு வாரார்.

ஊர்ப்பெயரில் ஓர் எச்சரிக்கை. உடன்குடிப் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் உரிமையுள்ள பயனராகப் பதிவு செய்துகொண்டவரே அப்பெயரால் விற்கலாம். வேற்றூரில் காய்ச்சியவரும், பதிவு செய்யாதவரும் அப்பெயரை வாசகத்திலும் குறிச்சொல்லிலும் விலக்கித் தத்தம் ஊர்ப்பெயரையே இடுக.

பயன் விளைந்ததா என்று அறிவது எளிது. விலை கேட்டு வருவோரிடம் "எதைத் தேடி எங்களைக் கண்டீர்கள்?" என்று வினவி நோட்டில் குறித்து வருக. அடுத்த படத்தில் ஒரு குறிச்சொல்லை மட்டும் மாற்றுக. ஒருங்கே பலவற்றை மாற்றினால் எது பயன் தந்தது என்பது விளங்காது. பார்த்தோர் பலராகியும் கேட்போர் இல்லையெனில் குறிச்சொற்கள் தம் வேலையைச் செய்துவிட்டன என்று பொருள். அப்போது திருத்த வேண்டியது முதல் வரியையே. பதநீர்ப் பருவம் முடிந்து சரக்குத் தீர்ந்ததும், அந்த வரியிலேயே "விற்றுத் தீர்ந்தது" என்று சேர்த்தல் வேண்டும்.