ஆறு பூச்சியம் வந்தால் சரி, ஏழு வந்தால் கதவைப் பாருங்கள்

மறைமலை நகரில் ஃபோர்டு கார் உற்பத்தி 2022இல் நின்றுபோனது. கார் வடிவமைப்பு வேலை மட்டும் இந்தப் பக்கத்தை விட்டுப் போகவில்லை. சற்றுத் தெற்கே மகிந்திரா ரிசர்ச் வேலி இருக்கிறது. இங்கே சிமுலேஷன் வேலை தேடுகிறவர் ஒரு கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும்: எதிலும் பொருத்தாத கார் பாடியின் அதிர்வெண்களைக் கணக்கிட்டால், முதல் ஆறும் ஏன் பூச்சியம்?

காரை விடுங்கள். ஒரே கோட்டில் நகரும் இரண்டு எடைகள், நடுவே ஒரு ஸ்பிரிங். ஒரு மி.மீ. இழுக்க 100 நியூட்டன் வேண்டும். அதன் விறைப்பு அணி:

```
K = [  100  -100
      -100   100 ]
```

இரண்டு எடையையும் ஒரு மி.மீ. ஒரே பக்கம் நகர்த்துங்கள், அதாவது (1, 1). ஸ்பிரிங் நீளவே இல்லை. K தரும் விசை (0, 0). ஐகன் மதிப்பு பூச்சியம் என்பது இதுதான். (1, 1), (2, 2), (−5, −5) என்று விசையே தராத நகர்வுகள் எல்லாம் சேர்ந்தது நல் ஸ்பேஸ்.

இன்னொரு ஐகன் மதிப்பு 200. ஆனாலும் எப்படி நகர்த்தினாலும் விசை (f, −f) என்றே வரும். இரண்டு எண்கள் உள்ளே போகின்றன, ஒரு எண்ணுக்குரிய செய்திதான் வெளியே வருகிறது. தளம் முழுவதும் ஒரு கோட்டில் விழுந்துவிட்டது. ஒரு பரிமாணம் போயிற்று.

போனதைத் திரும்ப எடுக்க முடியாது. விசை (300, −300) என்றால் நகர்வு (3, 0) ஆகவும் இருக்கலாம், (4, 1) ஆகவும் இருக்கலாம். விசை (300, 0) என்றால் விடையே இல்லை. பொருள் ஓடிக்கொண்டே இருக்கும். அணிக்கோவை பூச்சியம், நேர்மாறு இல்லை என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். ஒரு முனையைச் சுவரில் பொருத்தினால் K வெறும் 100 ஆகிவிடும், விடையும் ஒன்றே.

முப்பரிமாணத்தில் கார் பாடி வளையாமலே மூன்று திசைகளில் நகரும், மூன்று அச்சுகளில் சுழலும். இந்த நகர்வுகளைத் திருப்பி இழுக்க விசை இல்லை, அதனால் அதிர்வெண் பூச்சியம்; மொத்தம் ஆறு. திரையில் அச்சு அசலாகப் பூச்சியம் தெரியாது, 0.0003 ஹெர்ட்ஸ் போல ஏதாவது வரும். பாடி நிஜமாகவே அதிரத் தொடங்குவது பல ஹெர்ட்ஸ் தள்ளித்தான்.

எண்ணிக்கை மாறினால் மாடலில் கோளாறு. கதவுக்குக் கீல் கொடுத்து, பூட்டைப் பொருத்த மறந்தால் ஏழு. கதவை இணைக்கவே மறந்திருந்தால் பன்னிரண்டு. ஆறுக்குக் குறைந்தால், எங்கோ ஒரு பாகம் தெரியாமல் தரையோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆறைத் தாண்டினால், பூச்சிய மோடுகளை ஒவ்வொன்றாக அனிமேஷனில் ஓடவிடுங்கள். எந்தப் பாகம் தனியாக ஆடுகிறதோ அங்கேதான் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது.

சில சால்வர்கள் தனித்தனிப் புள்ளிகளில் விறைப்பே இல்லாத திசைகளைத் தாமாகவே கட்டிப்போட்டுவிடும். நாஸ்ட்ரானில் இதன் பெயர் `AUTOSPC`. பிழைச் செய்தி வராது, கணக்கும் ஓடிவிடும். அது எந்தெந்தப் புள்ளிகளைக் கட்டியது என்ற பட்டியல் அவுட்புட் கோப்பில் இருக்கும். ரிப்போர்ட் அனுப்பும் முன் அதைப் படியுங்கள்.