'இட்' எங்கே போயிற்று?

கேள்வி: "தி டீ இஸ் டூ ஹாட் ஃபார் மீ டு டிரிங்க்" என்பதை "தி டீ இஸ் ஸோ ஹாட் தட் ஐ கேனாட் டிரிங்க்" என்று மாற்றி எழுதினேன். மதிப்பெண் குறைந்துவிட்டது. ஏன்?

பதில்: கடைசியில் 'இட்' விடுபட்டிருக்கிறது. 'தட்'டுக்குப் பின் வருவது எழுவாயும் வினையும் கொண்ட முழு வாக்கியம். எதைக் குடிப்பது என்பதையும் அங்கே சொல்லியாக வேண்டும். "ஐ கேனாட் டிரிங்க் இட்" என்பதே சரி. 'டூ' அமைப்பில் முன்னால் நிற்கும் டீயே அந்த இடத்தை நிரப்பிவிடுவதால், அங்கே 'இட்' தேவையில்லை. 'எனஃப்' வந்தாலும் அப்படியே: "தி டீ இஸ் நாட் கூல் எனஃப் ஃபார் மீ டு டிரிங்க்."

"ஹீ வாஸ் டூ வீக் டு வாக்" வேறு வகை. நடப்பவரே எழுவாய் என்பதால் 'இட்' வராது. 'ஹீ' திரும்ப வரும். 'வாஸ்' இருப்பதால் 'கேனாட்' அல்ல, 'குட் நாட்': "ஹீ வாஸ் ஸோ வீக் தட் ஹீ குட் நாட் வாக்."