மும்மொழி நோட்டீஸில் நேரம் இடம் மாறுவது ஏன்?

பெருநாள் தொழுகை நோட்டீஸைத் தமிழ், அரபி, ஆங்கிலம் மூன்றிலும் இப்போது வீட்டிலேயே தயாரித்துவிடுகிறோம். எழுத்துப்பிழை பார்ப்பதோடு, எழுத்து ஓடும் திசையையும் பார்க்க வேண்டும்.

ஒரு தமிழ் வரியில் ‘ஸலாத்துல் ஈத்’ என்பதை அரபி எழுத்தில் அடித்து, அடுத்து 7:30 - 8:15 என்று அடிப்பதாக வைத்துக்கொள்வோம். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 8:15 - 7:30 என்று தெரியும். படிப்பவர் எட்டேகாலுக்கு வந்து நின்றால் தொழுகை முடிந்திருக்கும்.

காரணம் இதுதான். எழுத்துகளுக்குத் திசை உண்டு. எண்களுக்கு வலுவான திசை இல்லை. முன்னால் அரபி எழுத்து இருந்தால், அடுத்து வரும் எண்கள் அதன் போக்கில் வலமிருந்து இடமாக வரிசையாகும். 7:30 என்பது உடையாது. இரண்டு நேரங்களின் வரிசைதான் மாறும். இடைவெளி விட்டு அடித்த தொலைபேசி எண்ணும் இப்படியே முன்பின்னாகிவிடும்.

தீர்வு எளிது. அரபிச் சொல்லுக்கும் எண்ணுக்கும் நடுவே ‘காலை’ என்ற தமிழ்ச் சொல்லைப் போடுங்கள். அது இடமிருந்து வலமாக ஓடும் எழுத்து என்பதால் எண்களும் அதன் வழியில் நிற்கும். நேரத்தைத் தனித் தமிழ் வரியில் போடுவது இன்னும் நல்லது.

முழுப் பத்தியும் அரபியாக இருந்தால், வலப்பக்கம் ஒதுக்கினால் மட்டும் போதாது. பத்தியின் திசையையே மாற்ற வேண்டும். வேர்டில் அதற்கு Right-to-Left Text Direction என்ற பொத்தான் உண்டு. முற்றுப்புள்ளி வரியின் இடக்கோடியில் நின்றால் திசை சரி. வலக்கோடியில் நின்றால் வெறுமனே ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

எழுத்துரு பொருந்த, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த Noto Serif Tamil, Noto Naskh Arabic, Noto Serif மூன்றையும் எடுக்கலாம். ஒரே அளவு வைத்தால் அரபி சிறுத்துத் தெரியும். தமிழ் 12 என்றால் அரபியை 15 அல்லது 16 வைத்துப் பாருங்கள். வேர்டில் தமிழும் அரபியும் Complex scripts என்ற ஒரே பிரிவில் வருவதால், அரபிப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து Ctrl+D அழுத்தி மாற்றுங்கள். வரி இடைவெளியில் Exactly வேண்டாம். ஜபர், ஜேர் குறிகள் வெட்டுப்படும். At least வைத்தால் முழுதாக வரும்.

அச்சகத்துக்குப் பிடிஎஃப் ஆகவே கொடுங்கள். அங்கே அரபி வசதியில்லாத பழைய மென்பொருளில் ஒட்டினால் எழுத்துகள் பிரிந்து, தலைகீழ் வரிசையில் நிற்கும். தமிழ் மட்டும் படிப்பவர் கண்ணில் இது படாது. ‘பிஸ்மில்லாஹ்’வின் தொடக்கத்தில் பா, ஸீன், மீம் மூன்றும் சேர்ந்து, வலப்பக்கத்திலிருந்து தொடங்குகிறதா என்று ஓதத் தெரிந்த ஒருவர் அச்சுப்படியில் பார்த்த பிறகே அச்சுக்கு ஒப்புதல் கொடுங்கள்.