கிளாக்கைப் பாதியாக்கினால் பேட்டரி இரட்டிப்பாகுமா?

எம்பெடட் வேலைக்கான நேர்காணலுக்குப் போகிறவர்கள் இந்தக் கேள்விக்குத் தயாராக இருப்பது நல்லது. ஆமாம் என்று சொல்லிவிட்டால், அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: `P = αCV²f`. C என்பது மின்தேக்குத்திறன், α அதில் ஒரு கிளாக் துடிப்புக்கு எவ்வளவு பங்கு மாறுகிறது என்பது. V மட்டும் ஏன் இருமடி? ஒரு கணுவை நிரப்ப CV அளவு மின்னேற்றம் வேண்டும். அதை V வோல்டேஜில் கொடுக்கிறோம். வோல்டேஜைக் குறைத்தால் கொடுக்கும் மின்னேற்றமும் குறைகிறது, அதன் ஒவ்வொரு துளிக்கும் செலவாகும் ஆற்றலும் குறைகிறது. இதைச் சொல்லத் தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதி, திறனையும் ஆற்றலையும் பிரித்துப் பார்ப்பது. ஒரு வேலைக்கு 200 கோடி துடிப்புகள் தேவை என்று வைத்துக்கொள்வோம். 1 வோல்ட், 2 கிகாஹெர்ட்ஸில் ப்ராசசர் 2 வாட் இழுத்தால், ஒரு வினாடியில் வேலை முடியும். செலவு 2 ஜூல். கிளாக்கை மட்டும் பாதியாக்கினால் 1 வாட், ஆனால் இரண்டு வினாடி. அதே 2 ஜூல்! சூடு குறையும், பேட்டரிக்கு லாபமில்லை. கசிவு மின்னோட்டமும் இரு மடங்கு நேரம் ஓடுவதால் உண்மையில் நஷ்டம்தான். கிளாக் குறைந்ததைப் பயன்படுத்தி வோல்டேஜை 0.7-க்கு இறக்கினால் 0.49 வாட், இரண்டு வினாடிக்கு 0.98 ஜூல். கிளாக்கைக் குறைப்பதன் பயன், வோல்டேஜை இறக்க இடம் கிடைப்பதே.

வோல்டேஜ் இறங்கினால் டிரான்சிஸ்டர்கள் மெதுவாகின்றன என்பதால் வரிசை முக்கியம். இறக்கும்போது முதலில் கிளாக், பிறகு வோல்டேஜ். ஏற்றும்போது முதலில் வோல்டேஜ், அது நிலைபெற்ற பின் கிளாக். மாற்றிச் செய்தால் சிக்னல் நேரத்துக்குள் போய்ச்சேராது. போர்டு எப்போதாவது, காரணமே தெரியாமல் தொங்கும். மென்பொருள் பிழை என்று நினைத்து நாள்கணக்கில் தேடுவது இப்படித்தான் தொடங்குகிறது. டிரான்சிஸ்டரின் திறப்பு வோல்டேஜுக்கும் வெகு கீழே இறக்கினாலும் பயனில்லை: வேகம் சட்டென்று சரியும், வேலை நீளும், கசிவு லாபத்தைத் தின்றுவிடும்.

வேலையில் சேர்ந்தபின் சந்திக்கக்கூடிய சிக்கல் ஒன்று. லினக்ஸ் போர்டில் கிளாக் ஒழுங்காகக் குறைகிறது, பேட்டரி மட்டும் மாறவில்லை. கிளாக்கை இப்படிப் பார்க்கலாம்:

```
cat /sys/devices/system/cpu/cpu0/cpufreq/scaling_cur_freq
```

அது குறையும்போது ப்ராசசருக்குப் போகும் மின்வழியில் மல்டிமீட்டரை வையுங்கள். வோல்டேஜ் அசையவில்லையா? டிவைஸ் ட்ரீயைத் திறந்து, ப்ராசசர் கணுவில் `cpu-supply` வரி இருக்கிறதா என்று பாருங்கள். `cpufreq-dt` டிரைவர் பயன்படுத்தும் போர்டுகளில் அந்த வரி விடுபட்டாலும் டிரைவர் கிளாக்கை மாற்றிக்கொண்டேதான் இருக்கும். எந்த ரெகுலேட்டரை இறக்குவது என்று மட்டும் அதற்குத் தெரியாது.